தமிழ் ஆவணங்களை நீண்ட காலம் வைக்க PDF/A-1b போதுமா, 2u வேண்டுமா?

கோப்புக்காரி:
வணக்கம். எங்கள் சங்கத்தின் தீர்மானங்கள், உறுப்பினர் பதிவுகள், சொத்து தொடர்பான கடிதங்கள் எல்லாம் நாற்பது ஐம்பது ஆண்டு கழித்தும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். PDF/A ஆக மாற்றி வைக்கச் சொன்னார்கள். வேர்டில் திறந்து, அச்சிடும் வழியாகப் பிடிஎஃப் ஆக்கி, அதை ஒரு மாற்றி நிரலில் கொடுத்து PDF/A-1b எடுக்கிறேன். veraPDF-இல் சோதித்தால் தேறிவிடுகிறது.

ஆனால் இரண்டு சிக்கல். "கொடுத்தோம்" என்று தேடினால் கிடைக்கவில்லை, பக்கத்தில் கண்ணெதிரே இருக்கிறது. அந்தச் சொல்லை நகலெடுத்து ஒட்டினால் இப்படி வருகிறது:

```
ெகா□த்ேதாம்
```

இன்னொன்று, சங்க முத்திரைப் படம் உள்ள பக்கங்களில் முத்திரையைச் சுற்றி வெள்ளைக் கட்டம் விழுகிறது. அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் படம் போல மங்கலாகிவிட்டன.

கைவசம் மூன்று வகை இருக்கிறது: யூனிகோடில் தட்டச்சு செய்தவை, பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை, ஸ்கேன் செய்தவை. 1a, 1b, 2b, 2u, 3b என்று பட்டியல் நீள்கிறது. எதை எடுப்பது?

வடக்குத்தெரு_மணி:
எப்போதும் கடைசியாக வந்ததை எடுங்கள். PDF/A-4 வந்துவிட்டது, 2020இல். பழையதில் மாற்றி வைத்தால் நாளைக்கு மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும்.

சேமிப்பான்:
ஒரே வெளிவட்டில் மட்டும் போட்டு வைக்காதீர்கள் அக்கா. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில். வட்டு செத்துப்போனால் எந்த வடிவம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

கோப்புக்காரி:
அது தனியாக நடந்துகொண்டிருக்கிறது தம்பி, நன்றி. இங்கே கேட்பது வடிவத்தைப் பற்றி.

சுவடியறை:
மணி சொன்னதில் ஒரு திருத்தம். இந்தத் தரத்தில் புதியது வந்தால் பழையது காலாவதி ஆகாது. 2005இல் வந்த முதல் பாகம் இன்றும் செல்லும். சரியான 1b கோப்பு இருந்தால் அதை 4 ஆக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு பாகமும் பிடிஎஃப்பின் எந்தப் பதிப்பின் மேல் நிற்கிறது, எதை அனுமதிக்கிறது என்பதில்தான் வேறுபாடு. 1 நிற்பது பிடிஎஃப் 1.4 மேல், 2உம் 3உம் 1.7 மேல், 4 நிற்பது 2.0 மேல். நாலாவதைச் சரியாக எழுதும் நிரல்களும் சோதிக்கும் நிரல்களும் இன்னும் குறைவு, அதனால் அதை இப்போதைக்கு விடுங்கள்.

முதலில் முத்திரை. PDF/A-1 ஒளிபுகும் படங்களை அனுமதிப்பதில்லை. உங்கள் முத்திரை பின்னணி இல்லாத படமாக இருக்கும். மாற்றி நிரல் 1bக்குள் அதை நுழைக்க இரண்டில் ஒன்றைச் செய்யும்: பின்னணியை வெள்ளையாக்கும், இல்லையென்றால் முத்திரையையும் அதன் கீழே இருக்கும் எழுத்தையும் சேர்த்து ஒரே படமாக்கும். உங்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது. PDF/A-2 ஒளிபுகுதலை அனுமதிக்கிறது, ஆகவே இந்தப் பிரச்சினை அங்கே இல்லை. இது ஒன்றே போதும், உங்களுக்கு 1 வேண்டாம் என்று சொல்ல.

அடுத்தது எழுத்து. b என்ற நிலை பார்வைக்கு மட்டும் உத்தரவாதம் தருகிறது. எழுத்துரு உள்ளே இருக்க வேண்டும், நிறம் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது, இப்படி. திரையில் தெரிகிற வடிவம் எந்த எழுத்து என்று கோப்புக்குத் தெரிய வேண்டும் என்று அது கேட்பதில்லை. u அதைக் கேட்கிறது: ஒவ்வொரு வடிவத்துக்கும் யூனிகோட் மதிப்பு இருக்க வேண்டும். முதல் பாகத்தில் u கிடையாது, இரண்டாவதில்தான் வந்தது.

ஆங்கிலத்துக்கு b, u வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. தமிழில் தெரியும். "டு" எழுத்துருவுக்குள் ஒரே வடிவம், ஆனால் யூனிகோடில் அதற்குத் தனி எண் இல்லை, ட, ு என்று இரண்டு. அச்சிடும் வழியில் போகும்போது வடிவம் மட்டும் போய்ச் சேரும், அது எந்த இரண்டு எழுத்து என்ற தகவல் வழியிலேயே விழுந்துவிடும். நீங்கள் ஒட்டியதில் டு இருந்த இடத்தில் கட்டம் வந்தது அதனால்தான்.

வடக்குத்தெரு_மணி:
சரி, அப்படியானால் 2u என்று போட்டுவிட்டால் முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு நீளம்?

சுவடியறை:
முடியவில்லை மணி. "கொ" பாருங்கள். திரையில் ெ, க, ா என்று இடமிருந்து வலமாக மூன்று வடிவம் வரையப்படுகிறது. மூன்றுக்கும் யூனிகோட் மதிப்பு இருக்கிறது, ஆகவே 2u சோதனை தேறும். ஆனால் நகலெடுத்தால் வரிசை ெகா என்றுதான் வரும், தேடலும் கிடைக்காது. வரைந்த வரிசையை விட்டு உண்மையான எழுத்தைச் சொல்ல பிடிஎஃப்பில் ActualText என்று ஒரு இடம் இருக்கிறது. நல்ல ஏற்றுமதி நிரல் கொம்பு வரும் இடங்களில் அதை எழுதும். எழுதவில்லை என்றால் எந்தச் சோதனை நிரலும் குறை சொல்லாது. மதிப்பு இருக்கிறதா என்று நிரல் பார்க்கும், மதிப்பு சரியா என்று ஆள்தான் பார்க்க வேண்டும்.

கோப்புக்காரி, அதே ஆவணத்தை அச்சிடாமல் லிப்ரே ஆஃபீஸில் திறந்து, ஏற்றுமதியில் PDF/A-2b தேர்ந்து எடுங்கள். அப்புறம் இந்த மூன்றும்:

```
pdffonts theermanam.pdf
pdftotext theermanam.pdf -
verapdf --flavour 2u theermanam.pdf
```

முதலாவதில் emb பத்தி எல்லா வரியிலும் yes இருக்க வேண்டும். uni பத்தியில் yes என்றால் யூனிகோட் மதிப்புகளின் அட்டவணை இருக்கிறது என்று மட்டும் அர்த்தம், முழுமையாக இருக்கிறது என்று அல்ல. இரண்டாவதுதான் உண்மையான சோதனை. கொ, தோ, டு, பௌ மாதிரி எழுத்துள்ள ஒரு பத்தியைக் கண்ணால் படியுங்கள்.

முத்துக்கணக்கர்:
என் அனுபவமும் ஒன்று. எண்ணியல் கையொப்பம் போட்ட ஒப்பந்தங்களைக் காப்பகத்துக்காக PDF/A ஆக மாற்றினோம். அத்தனை கையொப்பமும் செல்லாதென்று காட்டியது. எந்த வகை எடுத்தால் கையொப்பம் பிழைக்கும்?

சுவடியறை:
எந்த வகையிலும் பிழைக்காது ஐயா. கையொப்பம் கோப்பின் பைட்டுகள் மேல் போட்டது, மாற்றினால் பைட்டு மாறும். முதலில் PDF/A, பிறகு கையொப்பம் என்பதுதான் வரிசை. ஏற்கனவே கையொப்பமிட்டவற்றை மாற்றாமல் அப்படியே வையுங்கள். வேண்டுமானால் பக்கத்தில் ஒரு PDF/A பிரதி.

கோப்புக்காரி:
செய்து பார்த்தேன். முத்திரை சுத்தமாக இருக்கிறது. pdftotext "கொடுத்தோம்" என்று சரியாகத் தருகிறது, தேடலும் கிடைக்கிறது. ஆனால் veraPDF 2u தேறவில்லை! ஒரே ஒரு விதி, 6.6.4. எழுத்து பற்றிய குறை எதுவும் இல்லை.

சுவடியறை:
அது நல்ல செய்தி. 6.6.4 என்பது கோப்பு தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைப் பற்றிய விதி. லிப்ரே ஆஃபீஸ் அதில் "நான் 2, B" என்று எழுதியிருக்கிறது, நீங்கள் U என்று சோதிக்கிறீர்கள். எழுத்துகளுக்கான விதி 6.2.11.7, அது தேறியிருக்கிறது. u கேட்கும் எல்லாம் உள்ளே இருக்கிறது, சீட்டில் மட்டும் b. ஒரு நிறுவனம் 2u சீட்டுத்தான் வேண்டும் என்று கேட்டால் அதை மாற்ற வழி பார்க்கலாம். இல்லையென்றால் 2b என்றே விடுங்கள்.

ஸ்கேன்களுக்கு 2bயே போதும். வெறும் படத்தில் எழுத்தே கிடையாது, ஆகவே u அங்கே எதையும் கூட்டுவதில்லை. தேட வேண்டுமென்றால்:

```
ocrmypdf -l tam --output-type pdfa-2 \
  --pdfa-image-compression lossless in.pdf out.pdf
```

ஓசிஆர் தமிழில் தவறு செய்யும், படம்தான் ஆவணம், எழுத்து தேடுவதற்கு மட்டும். ஸ்கேனரில் JBIG2 சுருக்கம் இருந்தால் அதன் இழப்புள்ள வகையை அணைத்துவிடுங்கள். ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை ஒன்றுக்கு ஒன்று மாற்றி வைத்துவிடும். 2013இல் சில நகலெடுக்கும் இயந்திரங்கள் 6ஐ 8ஆக மாற்றியது இப்படித்தான் வெளியே வந்தது. PDF/A சோதனைக்கு இது தெரியவே தெரியாது.

கோப்புக்காரி:
மிக்க நன்றி. கடைசியாகப் பாமினி கோப்புகள். அவற்றையும் அதே வழியில் ஏற்றுமதி செய்தேன், 6.6.4 தவிர எல்லாம் தேறுகிறது. ஆனால் pdftotext "தமிழ்" என்ற சொல்லுக்கு இதைத் தருகிறது:

```
jkpo;
```

சுவடியறை:
அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைகிறது. கோப்பைப் பொறுத்தவரை அது j, k, p, o, அரைப்புள்ளி. ஐந்துக்கும் யூனிகோட் மதிப்பு உண்டு, ஆகவே u விதி தேறுகிறது. நாற்பது ஆண்டு கழித்து அச்சு அசலாகத் தெரியும், ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது.

நான் செய்வது: வேர்டு கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, சரிபார்த்து, அதிலிருந்து ஒரு 2b எடுப்பேன். பழைய எழுத்துருவில் உள்ளதையும் இன்னொரு 2b ஆக வைத்து, எது மூலம் என்று பெயரிலேயே குறிப்பேன்.

வடக்குத்தெரு_மணி:
இரண்டு கோப்பு எதற்கு? PDF/A-3 எடுத்தால் எந்தக் கோப்பையும் உள்ளே இணைக்கலாம். பழைய தோற்றம் வெளியே, யூனிகோட் எழுத்து உள்ளே. மின் விலைப்பட்டியலில் எக்ஸ்எம்எல்லை அப்படித்தானே வைக்கிறார்கள்.

சுவடியறை:
விலைப்பட்டியலுக்குச் சரி, அதை உடனே ஒரு நிரல் படிக்கிறது. காப்பகத்தில், இணைத்த கோப்பு நாளை திறக்குமா என்பதற்கு 3 எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை. அதோடு, உள்ளே இணைப்பு இருக்கிறது என்று தெரியாமலே பலர் பார்த்துவிட்டு மூடுவார்கள்.

வடக்குத்தெரு_மணி:
இணைப்பது சாதாரண யூனிகோட் உரைக்கோப்பு. அது திறக்காத காலம் வந்தால் பிடிஎஃப்பும் திறக்காது. தனியாக வைத்தால் ஐந்து வருடத்தில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று பிரிந்துவிடும்.

சுவடியறை:
உரைக்கோப்பு மட்டும் என்றால் உங்கள் வாதத்தில் பலம் இருக்கிறது, மறுக்கவில்லை. என் பக்கம் நான் இன்னும் தனித்தனியாகத்தான் வைப்பேன், கோப்புப் பட்டியலில் இரண்டையும் ஒரே எண்ணில் கட்டி.

முத்துக்கணக்கர்:
யூனிகோடுக்கு மாற்றியதில் பிழை விழுந்து, சொத்துக் கடிதத்தில் ஒரு பெயர் மாறிப்போனால் எது செல்லும் என்று யார் சொல்வது?

கோப்புக்காரி:
அதுதான் எனக்கும் பயம். சொத்துக் கடிதங்களைக் கையெழுத்திட்ட தாள் பிரதியிலிருந்து ஸ்கேன் எடுத்து 2b, மற்ற பாமினி கோப்புகளுக்கு இரண்டு பிரதி என்று தொடங்குகிறேன். இணைப்பு விஷயத்தைச் செயற்குழுவில் வைக்கிறேன். யாராவது 3ஐ உண்மையிலேயே காப்பகத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் எழுதுங்கள்.