ஒரே பெர்ஃப்யூம், இரண்டு பேர்: மாறுவது வாசனையா, வேகமா?

மீரா: நானும் அக்காவும் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டோம். அரை மணி நேரம் கழித்தும் அவளிடம் எலுமிச்சை வாசனை வருகிறது. என்னிடம் வெறும் மரக்கட்டை வாசனைதான். ஏன்?

கதிர்: தோலின் அமிலத்தன்மைதான் காரணம். அது ஆளுக்கு ஆள் மாறும், பெர்ஃப்யூமையும் சிதைத்துவிடும்.

வாசுகி: அமிலத்தன்மை மாறுவது சரி. ஆனால் அந்த மிதமான அமிலம் அரை மணிக்குள் எலுமிச்சை வாசனையைச் சிதைத்துவிடாது. எலுமிச்சை எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன், அது லேசான பொருள், ஆவியாகிப் பறந்துவிடும். மரவாசனைப் பொருள்கள் கனமானவை, மணிக்கணக்கில் தங்கும். தோலில் எண்ணெய்ப்பசை இருந்தால் லேசானவை அதில் கரைந்து மெதுவாக வெளிவரும். வறண்ட தோலில் பிடிமானம் இல்லை. தோல் சூடாக இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். மீராவுக்கும் ஆரம்பத்தில் எலுமிச்சை வந்திருக்கும், சீக்கிரம் தீர்ந்திருக்கும். அக்காவிடம் சில மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள், அதே மரக்கட்டை வாசனை வரலாம்.

செல்வம்: என் சட்டையில் நாள் முழுக்க நிற்கிறது, கையில் நிற்பதில்லை. பாட்டில் போலியோ என்று சந்தேகம்.

வாசுகி: செல்வம், அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. துணி உடம்பைவிடக் குளிர்ச்சி, அதனால் மெதுவாக ஆவியாகும்.

மீரா: அப்படியென்றால் எங்களுக்கு எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசுகி: வாசனையில்லாத சோப்பில் கழுவி உலர்த்துங்கள். இரண்டு பேரும் இடது முன்கையில் மட்டும் வாசனையில்லாத வாஸ்லின் மெல்லியதாகத் தடவி, இரண்டு கையிலும் ஒரே தூரத்திலிருந்து ஒரு முறை அடியுங்கள். 5 நிமிடம், அரை மணி, 3 மணி கழித்து, எது யாருடைய கை என்று தெரியாத ஒருவர் கண்ணை மூடி முகரட்டும். உங்கள் முகர்வு வேண்டாம், சொந்த வாசனை மூக்குக்குப் பழகிவிடும். மீராவின் வாஸ்லின் தடவிய கையில் எலுமிச்சை நீடித்தால், வறட்சி காரணமாக இருக்கலாம். 3 மணி நேரத்துக்குப் பிறகும் உங்கள் இருவர் வாசனை வேறாகவே இருந்தால், உங்கள் உடல்வாசனை கலந்திருக்கலாம்.

கதிர்: அப்போது சாப்பாடு? பூண்டு சாப்பிட்டவரின் வியர்வையே மாறுமே!

வாசுகி: மாறும். பூண்டின் கந்தகப் பொருள் ரத்தம் வழியாக மூச்சிலும் வியர்வையிலும் வரும். ஆனால் அது பெர்ஃப்யூமை மாற்றுவதில்லை, பக்கத்தில் இன்னொரு வாசனையாகச் சேர்கிறது.

கதிர்: முகர்பவருக்கு இரண்டும் ஒன்றுதானே? 2012இல் செக் ஆய்வாளர்கள் அக்குள் வாசனையோடு பெர்ஃப்யூமைக் கலந்து முகர வைத்தார்கள். அவரவர் தேர்ந்தெடுத்த பெர்ஃப்யூம், ஆய்வாளர்கள் கொடுத்ததைவிட அவரவர் உடல்வாசனையோடு இனிமையாகச் சேர்ந்ததாம்.

வாசுகி: அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அக்குள். வியர்வையும் கிருமிகளும் அங்கே அதிகம். மணிக்கட்டிலும் அதே அளவு விளைவு இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

கதிர்: அக்குளில் இருந்தால் மணிக்கட்டிலும் கொஞ்சமாவது இருக்கும் என்றுதான் இன்னும் சொல்வேன்.