நான் 39 என்கிறேன், ஹெட்செட் 35 என்கிறது: வாய்ஸ் பிக்கிங்கில் செக் டிஜிட் குழப்பம்

புதுசா வந்தவன்

வணக்கம். வெளிநாடு வந்து ஒரு மாதம் ஆகிறது, போன வாரம் வேர்ஹவுஸ் வேலையில் சேர்ந்தேன். பெல்ட்டில் ஒரு பெட்டி, தலையில் ஹெட்செட். அது ஐல் நம்பர் சொல்லும், அங்கே போய் ரெடி என்று சொன்னால் ஸ்லாட் நம்பர் சொல்லும். அந்த இடத்தில் ரேக்கில் ஒட்டியிருக்கும் செக் டிஜிட் என்கிற இரண்டு இலக்க எண்ணை நான் வாயால் படிக்க வேண்டும். சரியாக இருந்தால்தான் எத்தனை பெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லும். என் பிரச்சனை, சரியான இடத்தில் நின்று சரியாகப் படித்தாலும் தவறு என்கிறது. நேற்று ஒரே ஸ்லாட்டில் ஏழு முறை சொன்னேன். பக்கத்தில் போன ஒருவர் சிரித்துக்கொண்டே போனார். வேகக் கணக்கு எடுக்கிறார்கள், மூன்றாவது வாரத்தில் பார்ப்பார்களாம். என் ஆங்கில உச்சரிப்பு மோசமா, இந்த வேலையே எனக்கு ஒத்துவராதா?

கணக்குப்பிள்ளை

செக் டிஜிட்டை யாரும் சும்மா ஒட்டுவதில்லை தம்பி. பார்கோடின் கீழே கடைசியில் ஓர் இலக்கம் இருக்கும் பாருங்கள், முன்னால் இருக்கும் இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்று மூன்றால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் அது கிடைத்துவிடும். அந்தக் கணக்கைப் பழகிக்கொண்டால் நீங்கள் படிப்பது சரியா என்று உடனே தெரிந்துவிடும்.

பிக்கர் அக்கா

அண்ணா, நீங்கள் சொல்வது பொருளின் மேல் இருக்கும் பார்கோடு, தம்பி கேட்பது ரேக்கில் இருக்கும் எண். பெயர் ஒன்று, விஷயம் வேறு. ரேக்கில் இருப்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. அடுத்த ஸ்லாட்டின் எண்ணை ஊகிக்க முடியக் கூடாது என்றுதான் வேண்டுமென்றே தாறுமாறாக ஒட்டுவார்கள். 39க்குப் பக்கத்தில் 72 இருக்கும், அதற்குப் பக்கத்தில் 06 இருக்கும்.

தம்பி, உச்சரிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள். தவறு என்று சொல்லும்போது கூடவே ஓர் எண்ணையும் திருப்பிச் சொல்கிறதா? எங்கள் இடத்தில் "ராங், த்ரீ ஃபைவ்" என்று சொல்லும். அந்த எண்ணைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். நீங்கள் சொன்ன அதே எண்ணைத் திருப்பிச் சொல்லி ராங் என்றால், மெஷினுக்குக் காது நன்றாகவே கேட்கிறது, நீங்கள்தான் வேறு ஸ்லாட்டில் நிற்கிறீர்கள், இல்லையென்றால் மேல் தட்டின் ஸ்டிக்கரைப் படிக்கிறீர்கள். நீங்கள் சொல்லாத எண்ணைச் சொன்னால் குரல் பிரச்சனை. எதுவுமே சொல்லாமல் கேள்வியையே மறுபடி கேட்டால், அல்லது கம்மென்று இருந்தால், உங்கள் குரலே போய்ச் சேரவில்லை, அது மைக் பிரச்சனை. இந்த மூன்றில் எது?

புதுசா வந்தவன்

அக்கா, இன்று கவனித்தேன். இரண்டும் நடக்கிறது. சில நேரம் கம்மென்று இருக்கிறது, அப்போது கத்தித்தான் சொல்கிறேன். மற்றபடி 39 என்றால் 35 என்கிறது, 92 என்றால் 52. ஒன்பது வந்தாலே வம்புதான்.

ராத்திரி ஷிஃப்ட்

தம்பி, சுலபமான வழி சொல்கிறேன். எண்களை மனப்பாடம் பண்ணிக்கொள். ரெண்டு வாரத்தில் உன் ஐலில் இருக்கும் எல்லா ஸ்லாட்டும் வாயில் வந்துவிடும், நடந்துகொண்டே சொல்லிவிடலாம், போய்ச் சேரும்போது அது எத்தனை என்று சொல்லி முடித்திருக்கும். நான் அப்படித்தான் வேகத்தைப் பிடித்தேன். அப்புறம், நன்றாகச் சத்தமாகச் சொல், அதற்குக் காது கொஞ்சம் மந்தம்.

பிக்கர் அக்கா

நடந்துகொண்டே சொன்னால் வேகம் வரும், உண்மைதான். வந்த வேகத்திலேயே தப்பும் வரும். அந்த எண்ணே நீங்கள் இடத்தில் நின்று கண்ணால் பார்த்ததற்குச் சாட்சி. பத்தடி முன்னாலேயே சொல்லிவிட்டு, பக்கத்து ஸ்லாட்டிலிருந்து எடுத்தால் மெஷினுக்குத் தெரியப்போவதில்லை, அதன் கணக்கில் எல்லாம் சரி. கடையில் பெட்டியைப் பிரிக்கும்போதுதான் தெரியும், அந்த வரியில் உங்கள் பெயரும் நேரமும் பதிந்திருக்கும். அதனால்தான் சில இடங்களில் கொஞ்ச நாளைக்கு ஒருமுறை ஸ்டிக்கரை மாற்றிவிடுகிறார்கள். அன்றைக்குப் பார்த்தால் பழைய ஆட்கள்தான் வரிசையாக ராங் ராங் என்று வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

சத்தமாகச் சொல் என்பதும் பாதிதான் சரி. பல சிஸ்டங்களில் முதல் நாள் உங்களை உட்காரவைத்து, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, அப்புறம் ரெடி, யெஸ், நோ மாதிரி சொற்களை நாலைந்து தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்வார்கள். அதன் பிறகு அது உலகத்தார் ஆங்கிலத்தோடு உங்களை ஒப்பிடுவதில்லை, அன்றைக்கு நீங்கள் சொன்ன விதத்தோடுதான் ஒப்பிடுகிறது. எனவே உச்சரிப்பு மோசமா என்ற கவலையை விடுங்கள். ஆனால் அன்று கூச்சத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு இன்று கத்தினால், அதற்கு நீங்கள் வேறு ஆள். தம்பி, உங்களுக்கு எங்கே வைத்துப் பதிவு செய்தார்கள்?

புதுசா வந்தவன்

ஆபீஸ் அறையில். நாலு பேர் வரிசையில் நின்றார்கள், அவசரமாக முடித்தேன். நைன் வந்தபோது பின்னால் யாரோ கதவைத் திறந்து ஏதோ கேட்டார்.

பிக்கர் அக்கா

அப்படியென்றால் உங்கள் நைனில் அந்தக் கதவும் சேர்ந்திருக்கலாம். ஃபைவும் நைனும் நடுவில் ஒரே "ஐ" ஓசை. நாம் ஃபைவின் கடைசி வ்-ஐ விழுங்குவோம், நைனின் கடைசி ன்-ஐயும் விழுங்கினால் இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம். நமக்கு மட்டுமல்ல, விமானிகளே ரேடியோவில் இந்தக் குழப்பம் வேண்டாம் என்று நைனுக்கு "நைனர்" என்கிறார்கள்.

டீம் லீடரிடம் போய் எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும் என்று கேட்காதீர்கள், அரை மணி நேரம் போகும் என்று தட்டிக்கழிப்பார். நைன், ஃபைவ் இரண்டை மட்டும் ரீட்ரெயின் செய்யச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. வேலை செய்யும் இடத்தில் நின்று, உங்கள் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டி தூக்கும்போது பேசுகிற அதே குரலில் சொல்லுங்கள்.

அது கம்மென்று இருப்பதற்கு, மைக் வாயின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்தில் இருக்கிறதா பாருங்கள். வாய்க்கு நேர் முன்னால் இருந்தால் மூச்சுக் காற்று அடித்து, பேசாதபோதும் ஏதோ எண் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். மைக்குக்குப் பேசும் பக்கம் என்று ஒரு பக்கம் உண்டு, சின்னக் குறி போட்டிருக்கும். திரும்பியிருந்தால் உங்கள் குரலையே வெளிச்சத்தம் என்று நினைத்து வடிகட்டிவிடும். இன்னொன்று, ஆன் செய்ததும் சில விநாடி பேசாமல் இரு என்று சொல்லும், சுற்றியுள்ள இரைச்சலை அளந்துகொள்கிற நேரம் அது. அப்போது பக்கத்து ஆளிடம் அரட்டை அடித்தால் அந்த அரட்டையையே இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் சாதாரணக் குரல் அதற்கு எட்டாது.

குளிர் அறை

எனக்கும் இதே கதை, ஆனால் ஃப்ரீசரில் மட்டும். வெளியே ஒரு தப்பும் இல்லை, உள்ளே போனால் பத்துக்கு மூன்று ராங். மூக்கு அடைத்துக் குரலே மாறிவிடுகிறது. மைக் பஞ்சில் மூச்சு பட்டு உறைந்துவிடுகிறது. புதுப் பஞ்சு கேட்டால் வாரத்துக்கு ஒன்றுதான் என்கிறார்கள். இதற்கு வழி யாருக்காவது தெரியுமா?

பிக்கர் அக்கா

உள்ளே போனதும் இரைச்சலை மறுபடி அளக்கச் சொல்லுங்கள், காற்றாடிச் சத்தம் வேறு மாதிரி இருக்கும், அதற்கென்று ஒரு கட்டளைச் சொல் இருக்கும். பஞ்சுக்கு எனக்கு வழி தெரியாது. நான் ஃப்ரீசரில் இரண்டு மாதம்தான் தாக்குப்பிடித்தேன்.

மூணாம் நம்பர் கேட்

ஒன்றை யாரும் சொல்லவில்லையே. 55 வந்தால் "டபுள் ஃபைவ்" என்று சொல்லாதீர்கள். நம் ஊர்ப் பழக்கம், போன் நம்பர் சொல்கிற மாதிரி வந்துவிடும். அதேபோல் தர்ட்டி நைன் இல்லை, த்ரீ நைன். பூஜ்யத்துக்கு ஓ இல்லை, ஜீரோ. இரண்டு இலக்கத்துக்கும் நடுவில் யோசித்து நின்றால் முதல் இலக்கத்தோடு நீங்கள் முடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும், அதனால் முதலில் கண்ணால் இரண்டையும் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

என் இடத்தில் நான் செய்த வேலை ஒன்றையும் சொல்கிறேன். பதிவு செய்யும்போது நைன் என்று திரையில் வந்ததும் "ஒம்போது" என்றேன், ஃபைவுக்கு "அஞ்சு". ஏற்றுக்கொண்டது! அது எந்த மொழி என்றே பார்ப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொல்கிறோமா என்றுதான் பார்க்கிறது. எட்டு மாதமாக அப்படித்தான் ஓடுகிறது.

ராத்திரி ஷிஃப்ட்

கதை விடாதே மச்சான். எங்கள் இடத்தில் அப்படிப் பதிவே கிடையாது, போட்ட உடனே எல்லார் குரலும் புரிகிறது. அதில் அஞ்சு என்றால் ஒன்றும் நடக்காது.

பிக்கர் அக்கா

இருவரும் சொல்வது உண்மைதான், சிஸ்டம் வேறு. முதல் நாள் குரல் பதிவு இல்லாத இடத்தில் ஆங்கிலத்தில்தான் சொல்லியாக வேண்டும், ரீட்ரெயினும் இருக்காது. தமிழில் பதிவது பற்றி எனக்கு முழுச் சம்மதம் இல்லை. வேறு சிஸ்டம் உள்ள இடத்துக்கு மாறினால் வாய் பழைய சொல்லுக்கே போகும். ஆனால் 39ஐ ஏழு தடவை சொல்வதைவிட அது மேல் என்றால் வாதாட மாட்டேன்.

புதுசா வந்தவன்

இன்றைய நிலவரம். மைக் திரும்பித்தான் இருந்தது! சரிசெய்ததும் கம்மென்று இருப்பது நின்றுவிட்டது. டீம் லீடர் நைன், ஃபைவ் இரண்டையும் ஐலிலேயே நின்று பதிய வைத்தார். ஷிஃப்ட் முழுக்க இரண்டே முறைதான் 35 என்றது.

ஆனால் வேறொன்று வந்திருக்கிறது. நான்கு பெட்டி தவறான பொருள் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஸ்லாட் சரி, செக் டிஜிட் சரி, அது ஏற்றுக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியும் எப்படித் தவறும்?

பிக்கர் அக்கா

அந்த எண் இடத்தைத்தான் உறுதி செய்கிறது தம்பி, பொருளை இல்லை. ரீஃபில் செய்யும் ஃபோர்க்லிஃப்ட்காரர் பக்கத்துப் பேலட்டை அங்கே இறக்கியிருந்தால், நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் தவறான பொருள்தான் கைக்கு வரும். ஸ்லாட் நம்பரையும் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். அதே நேரத்தில் அதே ஸ்லாட்டில் எடுத்த மற்றவர்களுக்கும் இதே புகார் வந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்திருந்தால் அது பேலட் இறக்கியவர் தவறு. உங்களுக்கு மட்டும் வந்திருந்தால், மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டின் ஸ்டிக்கரும் ஒரே பீமில் அம்புக்குறியோடு ஒட்டியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். எண்ணைக் கீழ்த் தட்டுக்குப் படித்துவிட்டுக் கை மேலே போயிருக்கும், எனக்கே நடந்திருக்கிறது.

புதுசா வந்தவன்

ஸ்டிக்கர் ஒரே பீமில்தான் இருக்கிறது அக்கா, அம்புக்குறி பாதி கிழிந்திருக்கிறது. மற்றவர்களுக்குப் புகார் வந்ததா என்று நாளைக்குக் கேட்கிறேன். படம் எடுத்து டீம் லீடரிடம் காட்டலாமா, போன் உள்ளே கொண்டுபோகக் கூடாதே?

மூணாம் நம்பர் கேட்

போனை எடுக்காதே. ஸ்லாட் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு போய், அவரையே அங்கே கூட்டிவந்து காட்டு.