புதுப்பிப்பு: டீச்சரம்மாவின் செலவுக் கணக்கு ஏன் உதைத்தது

முன்பு கேட்டது: “கோபியில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா போனில் செலவு எழுதறாங்க. பென்ஷன் 32,000, செயலி காட்டற செலவு 36,400. கடனும் வாங்கலை. எங்கே தப்புங்க?”

வங்கியில் வேலை பார்த்த ஒருவர் சொன்னதுதான் சரி. ஏடிஎம்மில் எடுத்த 8,000 செலவாகப் பதிவாகியிருந்தது. அதே பணத்தில் வாங்கிய பால், காய், மருந்து 7,150-உம் தனித்தனியாக ஏறியிருந்தது.

டீச்சரம்மா செயலியில் ‘வங்கி’, ‘கைப்பணம்’ என இரண்டு கணக்கு வைத்து, அந்த 8,000-ஐச் செலவிலிருந்து இடமாற்றமாக மாற்றினார். செலவு 28,400 ஆனது. கைப்பணத்தில் 850 காட்டியது, பர்ஸிலும் அதேதான். பர்ஸை எண்ணிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை.

“ஏடிஎம்மில் எடுத்ததை மட்டும் எழுதுனாப் போதுமே” என்றார் ஒருவர். கூட்டுத்தொகை கிட்டத்தட்ட வரும். மருந்துக்கு எவ்வளவு போனது என்று தெரியாது. இன்னொருவர் இதை வங்கி பணம் பிடித்த புகாராக எடுத்துக்கொண்டு, தன் ஏடிஎம் கட்டணத்தைப் பற்றி எழுதினார்.

இப்போது பேரன் போனைக் கேட்டால், “இரு கண்ணு, நானே பாத்துக்கறேன்” என்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டம்மாவுக்கும் இரண்டு கணக்கு போட்டுக் கொடுத்தார்.

நகைச்சீட்டு செலவா, சேமிப்பா என்பதில்தான் அவருக்கும் வங்கிக்காரருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லைங்க.