டெலிரியத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மாலதி:
மருத்துவமனையில் இருக்கும் வயதானவர்களுக்கு வரும் டெலிரியம் பற்றி உறவினர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். சித்தப்பிரமை என்று போட்டால் பைத்தியம் என்று பயந்துவிடுவார்கள். ஜன்னி என்றால் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும், ஆனால் இது காய்ச்சலே இல்லாமலும் வருகிறதே. வேறு சொல் இருக்கிறதா?

சேகர்:
வயதானவர்களுக்கு வரும் மறதிநோய்தானே? 'கடும் மறதி' போதும், எல்லோருக்கும் புரியும்.

தேன்மொழி:
இல்லைங்க சேகர், அந்தப் பெயர் ஆபத்து. மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. இது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும், காலையில் தெளிவு, இரவில் குழப்பம் என்று ஏறி இறங்கும். முதலில் கெடுவது ஞாபகம் அல்ல, கவனம். டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் இரண்டு மூன்றிலேயே நின்றுவிடுவார்கள்.

எங்கள் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டி, மூன்றாம் நாள் பேச்சே இல்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தார். ஓய்வெடுக்கட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். மகள்தான் "நேத்து வரைக்கும் அம்மா இப்படி இல்லை" என்று விடாமல் சொன்னார். பார்த்தால் சிறுநீர் அடைத்து வயிறு உப்பியிருந்தது, முந்தின இரவு தூக்க மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரை வெளியேற்றி மாத்திரையை நிறுத்திய பிறகு மெல்லத் தெளிந்தார். கத்திக் கலாட்டா செய்பவர்கள் உடனே கண்ணில் படுவார்கள், இப்படி அமைதியாகக் கிடப்பவர்கள்தான் தப்பிவிடுகிறார்கள். அதனால் 'திடீர்க் குழப்பம்' என்பேன். 'திடீர்' இருந்தால்தான் உறவினர் அன்றைக்கே நர்ஸிடம் சொல்வார்.

கண்ணன்:
அப்பாவுக்கு இது வந்தபோது சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். இல்லை இல்லை என்று நாங்கள் வாதாட வாதாட அவருக்குக் கோபம்தான் ஏறியது. கண்ணாடியையும் காது மிஷினையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டிலேயே வைத்திருந்தோம், கொண்டுவந்து மாட்டிய பிறகு கொஞ்சம் அடங்கினார். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் பழையபடி இல்லை. அப்போ இது மறதிநோயாக மாறிவிட்டதா?

தேன்மொழி:
ஒரு மாதத்தில் முடிவு கட்ட முடியாது கண்ணன், சிலருக்குத் தெளிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். ஆனால் முன்பே லேசான மறதி இருந்தவர்களுக்குத்தான் இது சுலபமாக வருகிறது, வந்துபோன பிறகு மறதி கூடுவதும் உண்டு. மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். பூச்சி என்றால் மறுக்கவும் வேண்டாம், ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், "பயமா இருக்கா, நான் பக்கத்திலதான் இருக்கேன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், இரவில் தூங்க விடுங்கள்.

சேகர்:
சரி, மறதி வேண்டாம். ஆனால் தூங்கிக்கொண்டே இருப்பவரைப் பார்த்துக் குழப்பம் என்று யாருக்குத் தோன்றும்? 'திடீர் மனத்தடுமாற்றம்' என்றால்?

மாலதி:
தடுமாற்றம் என்றாலும் அந்தப் பாட்டி அதில் அடங்கமாட்டாரே. இப்போதைக்குத் தலைப்பில் 'திடீர்க் குழப்பம்' போட்டு, முதல் வரியிலேயே "திடீரென்று அளவுக்கு மீறித் தூங்கினாலும் இதுவாக இருக்கலாம்" என்று எழுதிவிடுகிறேன். இரண்டு நிலைக்கும் பொருந்தும் சொல் யாருக்காவது கிடைத்தால் சொல்லுங்கள்.