புதுப்பிப்பு: அடைப்புக்குறித் தானியங்கி தவறான சரத்தை ஏற்றது ஏன்

முன்பு கேட்டது: “என் புஷ்டவுன் ஆட்டோமேட்டான் `(()` என்பதையும் ஏற்கிறதே, எங்கே பிழை?”

திறக்கும் குறியை அடுக்கில் வைத்து, மூடும் குறி வந்ததும் அதன் இணையை உச்சியிலிருந்து எடுத்து, குறிகள் சரியாக இணைகின்றனவா என்று பார்க்கும் தானியங்கி அது. காட்பாடியில் பாடம் எடுக்கும் அண்ணன் ஒருவர் பிழையைக் காட்டினார்: உள்ளீட்டில் எதையும் படிக்காமல் இறுதி நிலைக்குச் செல்லும் வெற்று நகர்வு, அடுக்கின் உச்சியில் அடிக்குறி `Z` இருக்கும்போது மட்டுமே நடக்க வேண்டும், நானோ உச்சியில் எது இருந்தாலும் நடக்கும்படி எழுதியிருந்தேன். இப்போது `(()` முடியும்போது அடுக்கில் `(Z` எஞ்சுவதால் சரம் நிராகரிக்கப்படுகிறது.

அடுக்கே தேவையில்லை, எண்ணிக்கை போதும் என்றார் குடியாத்தத்து நண்பர். ஒரே வகைக் குறிக்கு அது சரிதான். ஆனால் பல வகைக் குறிகள் வந்தால், வகைக்கொரு எண்ணிக்கை வைத்தாலும் `([)]` ஏற்கப்பட்டுவிடும். அடுக்கு ஏமாறுவதில்லை. கீழே இடப்பக்கம் மீதமுள்ள உள்ளீடு, வலப்பக்கம் உச்சி முதலான அடுக்கு:

```
([)]   Z
[)]    (Z
)]     [(Z
```

அடுத்துப் படிக்க வேண்டியது `)`, உச்சியில் இருப்பதோ `[`. இந்த இணைக்கு நகர்வு எழுதப்படாததால் தானியங்கி அங்கேயே நின்றுவிடுகிறது.



உச்சியில் `Z` இருக்கையில் `(` படிப்பதும் வெற்று நகர்வும் ஒருங்கே இயலுமாகையால், இது இன்னும் தீர்மானத் தானியங்கி அன்று என்கிறார் அண்ணன். தொடக்க நிலையையே இறுதி நிலையாக்கினால் சரியாகுமா என்று வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.