படம் போச்சு, பேர் மட்டும் நிக்குது: செம்பருத்தியின் பாகங்களை இடத்தோடு எழுதிய அனுபவம்

வேலிப்பருத்தி:
வீட்டில் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுப் படத்தை நோட்ஸில் வைத்து அனுப்பியிருந்தேன். மறுநாள் டெஸ்ட். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பிள்ளையின் அம்மா போன் பண்ணி, "டீச்சர், படம் இருந்த இடத்துல வெறும் கட்டம்தான் தெரியுது"ன்னாங்க. பாகங்களின் பெயர்களை நான் தனியாகத் தட்டியிருந்ததால் அவை மட்டும் வரிசை கலைந்து நின்றன. சூலகமுடி, அல்லி இதழ், சூல், மகரந்தப்பை, பூக்காம்பு, மகரந்தக் குழல், புல்லி, சூலகத்தண்டு, புறப்புல்லி, சூல்பை, பூத்தளம். மொத்தம் பதினொன்று.

பிள்ளைகள் முந்தின நாளே படத்தை வகுப்பில் பார்த்தவர்கள்தான். அதனால், "பேர் இருக்குல்ல, ஒவ்வொண்ணும் எங்கே இருந்துச்சுன்னு எழுதிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டேன்.

காலையில் வந்ததைப் பார்த்தால் நாலு பேர் "வலது பக்கம் மேலே", "வலது பக்கம் நடுவில்" என்று எழுதியிருந்தார்கள். என் படத்தில் எல்லாப் பெயர்களும் வலது ஓரத்தில் ஒரே வரிசையாக நின்றன. பிள்ளைகளின் மனதில் தங்கியது பெயர் நின்ற இடம். கோடு போய்த் தொட்ட இடம் தங்கவில்லை. ஐந்தாவது பிள்ளை மட்டும் வேறு மாதிரி. "மகரந்தக் குழல் சூலகத்தண்டுக்கு உள்ளே இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். செம்பருத்தியில் குழலுக்குள்தானே தண்டு இருக்கு! தப்பு போட்டுட்டேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை, ஏன் இவள் அப்படியே தலைகீழாக எழுதினாள் என்று. உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? படம் இல்லாதப்போ இடத்தை எப்படி எழுத வைக்கிறீங்க?

கீபோர்டு:
மேடம், இது ரொம்ப சாதாரணப் பிரச்சனை. படம் ஃபைலுக்குள்ள சேராம உங்க கம்ப்யூட்டர்லயே இருந்திருக்கும், ஃபைல்ல அதுக்கு லிங்க் மட்டும் போயிருக்கும். அடுத்த தடவை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி வேற ஒரு போன்ல திறந்து பாருங்க. படம் வந்துடும்.

வேலிப்பருத்தி:
நன்றி தம்பி, இனிமே அப்படியே செய்றேன். நான் கேட்டது படத்தைத் திரும்பக் கொண்டு வர்றதைப் பத்தி இல்லை. படம் இல்லாத நேரத்தில் இடத்தை எப்படி எழுதுறதுன்னு.

பழைய வாத்தியார்:
அம்மா, அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் கொடுங்கள். அவள் இன்னொரு பாடத்தைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறாள். மகரந்தத்தூள் சூலகமுடியில் ஒட்டியதும் அதிலிருந்து மெல்லிய குழல் ஒன்று முளைத்து, சூலகத்தண்டின் வழியாக இறங்கி, சூலுக்குள் போகும். பாடத்தில் அதற்குத்தான் மகரந்தக் குழல் என்று பெயர். அது சூலகத்தண்டுக்கு உள்ளேதான் இருக்கும். உங்கள் படத்தில் நீங்கள் காட்டியது மகரந்தத்தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆன குழாய். இடம் சிறிதென்று சுருக்கி எழுதியிருப்பீர்கள். படம் இருந்தவரை கோடு அதைச் சரிசெய்தது. கோடு போனதும் பெயர் வேறொரு பொருளைப் பிடித்துக்கொண்டது.

முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இடது, வலது, மேல், கீழ் எல்லாம் தாளின் திசைகள். பூவைக் கவிழ்த்துப் பிடித்தால் மேல் கீழாகிவிடும். செம்பருத்தி பல நேரம் செடியிலேயே பக்கவாட்டில் சாய்ந்துதான் பூக்கிறது. ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டே கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். இது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது? எதற்கு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது?

செம்பருத்தியை அப்படி எழுதினால் இப்படி வரும். காம்பின் நுனி சற்றே அகன்று பூத்தளமாகிறது. அதன் விளிம்பில் எல்லாவற்றுக்கும் வெளியே குறுகலான பச்சைப் புறப்புல்லிகள். அவற்றுக்கு உள்பக்கம் ஐந்து புல்லிகள் ஒட்டி ஆன கிண்ணம். கிண்ணத்துக்குள்ளிருந்து ஐந்து அல்லி இதழ்கள், ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறியபடி. இதழ்களின் அடியோடு ஒட்டியே மகரந்தத்தாள் குழாய் கிளம்பி நடுவில் நீண்டு நிற்கிறது. அதன் மேற்பாதியில், வெளிப்புறத்தில், சிறு காம்புகளின் நுனியில் மகரந்தப்பைகள். குழாய்க்கு உள்ளே நூல்போல சூலகத்தண்டு. அது குழாயின் வாயைத் தாண்டி வெளியே வந்து ஐந்தாகப் பிரிய, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் வட்டமான சூலகமுடி. தண்டின் அடிமுனை சூல்பையில் முடிகிறது. சூல்பை குழாயின் அடியில், பூத்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் சூல்கள்.

மாணவர்கள் தடுக்கி விழுவது குழாயிலும் தண்டிலும்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தூணாகத் தெரியும். பழைய பிளேடு ஒன்றால் தூணின் மேல்தோலை நெடுக்காக, ஆழமாகப் போகாமல், கீறிப் பிரித்தால் உள்ளே வெளிறிய நூல் தனியாக வரும். ஒருமுறை கையால் செய்த பிள்ளை பிறகு மாற்றி எழுதியதை நான் பார்த்ததில்லை.

மூணாம் பெஞ்ச்:
இதுக்கு எதுக்கு சார் இவ்வளவு? எங்க மிஸ் ஒரே வரியில சொல்லிக் கொடுத்தாங்க. கீழேயிருந்து மேலே: காம்பு, பூத்தளம், புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம். எந்தப் பூவா இருந்தாலும் இந்த வரிசைதான். நான் படமே பார்க்காம எழுதி முழு மார்க் வாங்கியிருக்கேன்.

பழைய வாத்தியார்:
தம்பி, வெளியிலிருந்து உள்ளே என்று சொன்னால் உங்கள் வரிசை சரி. கீழிருந்து மேல் என்று சொன்னால் செம்பருத்திக்கு ஒத்துவரும், பூசணிக்கு ஒத்துவராது. பூசணியின் பெண் பூவைப் பாருங்கள், இதழ்களுக்குக் கீழே குட்டிக் காய் ஒன்று உருண்டு நிற்கும். அதுதான் சூல்பை. புல்லியும் அல்லியும் அதற்கு மேலே.

பூ கிடைக்காவிட்டால் அடுப்படியில் பாருங்கள். கத்தரிக்காயில் பச்சைத் தொப்பி காம்புப் பக்கம் இருக்கிறது. அந்தத் தொப்பிதான் புல்லி. ஆக, காய் புல்லிக்கு மேலே உருவானது. கொய்யாவிலோ காம்புக்கு எதிர்முனையில் காய்ந்த கிரீடம் மாதிரி ஒன்று இருக்கும். அதுவும் புல்லிதான். அங்கே காய் புல்லிக்குக் கீழே உருவாகிவிட்டது.

மூணாம் பெஞ்ச்:
கொய்யாவுல அதைப் பார்த்திருக்கேன் சார், என்னன்னு யோசிச்சதே இல்லை. ஆனா பரீட்சையில செம்பருத்திதானே வருது.

அக்காவின் குரல்:
என் அனுபவம் பூவில் இல்லை, செல்லில். என் தம்பிக்குப் பார்வை கிடையாது. வீட்டில் நான்தான் அவனுக்குப் பாடம் வாசிப்பேன். ஒரு கைடில் செல் படம் போட்டு "அ" என்று குறித்த பாகம் எது என்று கேட்டிருந்தது. "நடுவுல பெரிசா இருக்குடா"ன்னு சொன்னேன். யோசிக்காமல் "உட்கரு"ன்னான். விடை நுண்குமிழ்ப்பை. அது தாவரச் செல். நடுவிடம் முழுவதையும் நுண்குமிழ்ப்பை பிடித்துக்கொண்டு, உட்கருவை ஓரமாகச் சுவர்ப் பக்கம் தள்ளியிருந்தது. முந்தின பாடத்தில் விலங்குச் செல்லின் நடுவில் உட்கரு இருப்பதாக வாசித்ததும் நான்தான்.

அவன் தப்பாகச் சொன்னதற்கு என் வார்த்தைதான் காரணம் என்று அன்றைக்கு ரொம்ப வருத்தப்பட்டேன். இப்போது முதலில் வெளிச்சுற்றைச் சொல்கிறேன். "ரெண்டு கோடு இருக்கு, வெளிக்கோடு தடிமனா, கட்டமா இருக்கு" என்றதுமே தாவரச் செல் என்று பிடித்துவிடுகிறான். பிறகு, "நடுவுல பெரிய வெற்றிடம், உள்ளே ஒண்ணும் வரையலை. அதுக்கும் சுவருக்கும் நடுவுல நெருங்கி ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு சின்ன வட்டம்." உட்கரு, உட்கருமணி என்று அவனே சொல்லிவிடுகிறான்.

ஒரு சந்தேகம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்ன இடம் சொல்வது? படத்தில் மூன்று இடத்தில் வரைந்திருந்தார்கள். "நாலு மணி திசையில ஒண்ணு, ஏழு மணி திசையில ஒண்ணு"ன்னு கடிகார முள்ளை வைத்துச் சொன்னேன். அவன் அதையும் மனப்பாடம் பண்ணிவிட்டான்.

பழைய வாத்தியார்:
அதை மனப்பாடம் செய்ய விடாதீர்கள் அம்மா. மைட்டோகாண்ட்ரியா சைட்டோபிளாசத்தில் எங்கும் இருக்கும், நகரவும் செய்யும். நாலு மணியும் ஏழு மணியும் வரைந்தவர் தேர்ந்தெடுத்த இடங்கள். "உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் பரவலாக" என்பதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. எண்டோபிளாச வலை அப்படி இல்லை. அது உட்கருவின் வெளிச்சவ்வோடு தொடர்ச்சியாக இருப்பது. அதைக் கட்டாயம் இடத்தோடு சொல்ல வேண்டும்.

அக்காவின் குரல்:
ஆனா சார், கேள்வியிலேயே "ஆ எனக் குறித்த பாகம்"னு அம்புக்குறி நாலு மணி திசையில இருந்தா? பக்கத்துலேயே பசுங்கணிகமும் இருக்கு. அப்போ திசையைச் சொல்லாம எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

பழைய வாத்தியார்:
அங்கே உருவத்தைச் சொல்லலாம். மைட்டோகாண்ட்ரியாவில் உள்சவ்வு மடிந்து மடிந்து போகும், பசுங்கணிகத்தில் காசு அடுக்கியதுபோல் இருக்கும். ஆனால் சின்னப் படங்களில் அதுவும் தெளிவாக இருக்காது. நீங்கள் சொல்வது ஞாயம்தான், கடிகாரம் அங்கே தேவைப்படலாம்.

பனங்காய்:
நான் யாழ்ப்பாணம். நீங்கள் எழுதின பட்டியலை என்ர மகளுக்கு வாசிச்சுக் காட்டினன், அவவுக்குப் பாதி விளங்கேல்லை. நாங்கள் படிக்கேக்க மகரந்தத்தாளுக்குக் கேசரம் எண்டுதான் சொன்னது, இப்பவும் அதுதான். சூலகமுடி எங்களுக்குக் குறி, சூலகத்தண்டு தம்பம். அது பரவாயில்லை, புதுச் சொல் எண்டு தெரியும், கேட்டு அறியலாம். சூலகம் எண்ட சொல்தான் கரைச்சல். உங்களுக்கு அது முடி, தண்டு, பை மூண்டும் சேர்ந்த முழுப் பாகம். எங்களுக்குச் சூலகம் எண்டால் அடியில இருக்கிற பை மட்டும்தான். "சூலகம் குழாய்க்கு வெளியிலயும் நீட்டிக்கொண்டு நிக்குது" எண்டு உங்கட ஆக்கள் எழுதினால் சரி. என்ர மகள் எழுதினால் பிழை. படம் இருந்திருந்தால் எந்தச் சொல் எங்க தொடுகுது எண்டு பார்த்திருப்பம்.

வேலிப்பருத்தி:
ஐயா, இதை நான் யோசிச்சதே இல்லை. என் பட்டியலில் சூல்பைன்னு தனியா எழுதினது தற்செயலா நல்லதாப் போச்சு.

நேற்று வாசல் செடியிலிருந்து ஆறு பூ பறித்து ஆளுக்கொன்று கொடுத்தேன். பிளேடு என் கையில்தான். குழாயைக் கீறினதும் அந்த ஐந்தாவது பிள்ளை நூலை விரலால் தூக்கிப் பார்த்து, "இதுக்குள்ளதான் மகரந்தக் குழல் போகுமா டீச்சர்?"ன்னு கேட்டாள். ஆமான்னேன். நோட்ஸில் பெயரை "மகரந்தத்தாள் குழாய்" என்று மாற்றிவிட்டேன். அவளுக்கு மார்க்கும் போட்டாச்சு.

இன்னொன்று மட்டும் முடிவாகவில்லை. திரும்ப எழுதச் சொன்னபோது ஒரு பையன், "சூல்பையில் ஐந்து அறைகள்" என்று எழுதினான். உண்மைதான், குறுக்கே வெட்டினால் ஐந்தும் தெரிகிறது, வெட்டியும் காட்டினேன். ஆனால் காணாமல் போன படம் நெடுக்குவெட்டு. அதில் நடு அச்சுக்கு இரண்டு பக்கமும் சூல்கள் இருந்தன, ஐந்து அறை தெரியவே தெரியாது. படத்தில் இருந்ததை எழுதச் சொன்னேன், அவன் பூவில் இருந்ததை எழுதியிருக்கிறான். வாத்தியார் ஐயா, நீங்களா இருந்தா இதுக்கு என்ன போடுவீங்க?