புதுப்பிப்பு: கரோசலில் ஸ்கிரீன்ஷாட் எழுத்து இப்போது போனில் தெரிகிறது

என் பழைய கேள்வி: "கூகுள் ஷீட்ஸில் இரட்டைப் பதிவுகளை நீக்குவதைப் படிப்படியாகக் காட்டும் கரோசல் செய்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள மெனு எழுத்து போனில் படிக்க முடியவில்லை. என்ன செய்ய?"

JPG வேண்டாம், PNG போடு என்றார் ஒருவர். போட்டேன், எழுத்தின் ஓரம் சுத்தமானது, எழுத்தின் அளவு அப்படியேதான்.

காரணத்தைச் சொன்னவர் ஒரு டிசைனர் அண்ணன். 1920 பிக்சல் அகல முழுத் திரையை, சுமார் 390 அகலத்தில் காட்டும் போனுக்குள் அடக்கினால் 14 பிக்சல் எழுத்து 3-க்கும் கீழே போய்விடும். படத்தை எடுத்த பிறகு பெரிதாக்கினால் மங்கும். அதனால் முதலிலேயே பிரவுசரை `Ctrl` + `+` அழுத்தி 200% ஆக்கி, வேண்டிய 800 பிக்சல் அகலத்தை மட்டும் வெட்டினேன். இப்போது எழுத்து போனில் கிட்டத்தட்ட 14.

வெட்டியதும் அது திரையில் எந்த மூலை என்று தெரியாமல் போகிறது. அதற்காக முதல் ஸ்லைடில் மட்டும் முழுத் திரையை வைத்து, `Data` மெனுவைக் கட்டம் கட்டினேன். எத்தனையாவது படி என்று காட்டும் எண் வட்டத்தைப் பொத்தானின் மேல் வைக்காமல் பக்கத்தில் வைத்துக் கோடு இழுத்தேன். மேலே வைத்தால் படிக்க வேண்டிய பெயரே மறைந்துவிடும்.

`Data cleanup` > `Remove duplicates` இரண்டு கிளிக். இரண்டையும் ஒரே ஸ்லைடில் 2, 3 என்று எண் போட்டுக் காட்டலாம் என்கிறார் அண்ணன். போனில் பார்ப்பவர்கள் இரண்டாவதைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.